பாஸ் மார்க்கைக் குறைக்கும் உரிமை யாருக்கு? ஒரு கமிட்டியின் இரண்டு பக்க ஆவணமும் 120 கோடி டாலர் பாடமும்

2010, மார்ச் 14. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநில சுகாதாரத் துறையில் புதிய சம்பள மென்பொருள் அமலுக்கு வந்தது. அரசு மருத்துவமனைகளின் டாக்டர்கள், நர்ஸ்கள், துப்புரவுப் பணியாளர்கள் எனச் சுமார் 78,000 பேருக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் போட வேண்டிய மென்பொருள் அது. முதல் சம்பள நாளிலேயே குளறுபடி. சிலருக்குக் குறைவாக வந்தது, சிலருக்கு அதிகமாக வந்தது, சிலருக்குச் சம்பளமே வரவில்லை. நைட் ஷிப்ட் பார்த்த நர்ஸ், வீட்டு வாடகைக்கு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்கும் நிலை.

2007 டிசம்பரில் ஐ.பி.எம். நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டபோது, சம்பள மென்பொருளை மாற்றும் இந்த வேலைக்கு முதலில் பேசப்பட்ட விலை சுமார் 62 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். பிறகு பிழைகளைச் சரிசெய்வது, ஆட்களை வைத்துக் கையால் கணக்குப் போடுவது எல்லாம் சேர்த்து, மொத்தச் செலவு 120 கோடி டாலரைத் தொடும் என்று மதிப்பிடப்பட்டது. மென்பொருள் வந்து இரண்டு வருடம் கழித்தும், ஒவ்வொரு சம்பளச் சுற்றுக்கும் 1,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் தேவைப்பட்டார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ரிச்சர்ட் செஸ்டர்மேன் தலைமையிலான விசாரணை ஆணையம் 2013 ஜூலையில் அறிக்கை கொடுத்தது. ஆஸ்திரேலிய அரசு நிர்வாகத்தின் மிக மோசமான தோல்விகளில் இதுவும் ஒன்று என்பது ஆணையத்தின் முடிவு.

இதைப் பலரும் ‘சாஃப்ட்வேர் சொதப்பல்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி, மீட்டிங் ரூமில் நடந்தது. யார் முடிவெடுக்கலாம், யார் எடுக்கக் கூடாது, யார் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகரக் கூடாது என்ற கேள்விகளுக்குத் தெளிவான பதில் இல்லாததுதான் அந்த மீதி. அந்தப் பதில்கள் இருக்க வேண்டிய இடம், எல்லா ப்ராஜெக்ட்டிலும் முதல் வாரத்தில் தயாராகி, அதன் பிறகு யாருமே திறந்து பார்க்காத ஒரு ஃபைல்: ஸ்டியரிங் கமிட்டியின் ‘டேர்ம்ஸ் ஆஃப் ரெஃபரன்ஸ்’. சுருக்கமாக, டி.ஓ.ஆர்.

டி.ஓ.ஆர். என்றால் என்ன?

ஒரு பெரிய திட்டத்தைத் தினமும் நடத்துவது ப்ராஜெக்ட் மேனேஜர். ஆனால் பணம் கூடுதலாக வேண்டும், தேதி தள்ளிப்போகும், ஒரு வசதியைக் கைவிட வேண்டும் என்றால் அவரால் தனியாக முடிவெடுக்க முடியாது. அதற்கு மேலே இருப்பதுதான் ஸ்டியரிங் கமிட்டி. அந்தக் கமிட்டி எதற்காக இருக்கிறது, அதில் யார் யார், எதை முடிவு செய்யலாம், எத்தனை நாளுக்கு ஒருமுறை கூட வேண்டும் என்று எழுதிவைக்கும் இரண்டு மூன்று பக்கங்கள்தான் டி.ஓ.ஆர்.

பெரும்பாலான அலுவலகங்களில் இது எப்படித் தயாராகிறது? பழைய ப்ராஜெக்ட்டின் ஃபைலை எடுத்து, பெயரை மட்டும் மாற்றுகிறார்கள். உறுப்பினர் பட்டியலில் யாரையும் விட்டுவிடக் கூடாது என்று பன்னிரண்டு பேர். ‘திட்டத்துக்கு வழிகாட்டுதல் வழங்கும்’ என்று ஒரு வரி. ‘மாதம் ஒருமுறை கூடும்’ என்று இன்னொரு வரி. வேலை முடிந்தது. இந்த மூன்று வரிகளும் ஒன்றையும் தீர்மானிக்கவில்லை என்பது, பிரச்னை வரும் நாளில்தான் தெரியும்.

குயின்ஸ்லாந்தில் கமிட்டி இல்லையா?

இருந்தது. ஒன்றல்ல, பல. அதுதான் சிக்கலே.

சம்பளம் வாங்கப்போகிறவர்கள் சுகாதாரத் துறைக்காரர்கள். ஆனால் ஒப்பந்தத்தைக் கையாண்டது ‘கார்ப்டெக்’ என்ற வேறொரு அரசு அமைப்பு. மென்பொருளைச் செய்துகொடுத்தது ஐ.பி.எம். ஆக, பயன்படுத்துபவர் ஒருவர், பணத்தையும் ஒப்பந்தத்தையும் வைத்திருப்பவர் இன்னொருவர், செய்பவர் மூன்றாமவர். இந்த மூவருக்கும் இடையே பொறுப்புகள் தெளிவாகப் பிரிக்கப்படவில்லை என்று மாநிலத் தலைமைத் தணிக்கையாளர் 2010-லேயே சொன்னார்.

அந்தக் குழப்பம் வேலையை எப்படிக் கெடுத்தது என்பதைப் பார்க்க, ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொள்ளலாம்: ‘மென்பொருள் தயார், அமல்படுத்தலாம்’ என்ற முடிவு.

இதுபோன்ற திட்டங்களில், அமலுக்கு முன் பயனாளர்களே மென்பொருளைச் சோதிப்பார்கள். கண்டுபிடிக்கும் குறைகளை நிலை வாரியாகப் பிரிப்பார்கள். முதல் நிலை என்றால், வேலையே நின்றுவிடும். இரண்டாம் நிலை என்றால், முக்கியமான ஒன்று தவறாக நடக்கிறது. முதலில் வைத்த விதிப்படி, சோதனை முடியும்போது இந்த இரண்டு நிலைகளிலும் ஒரு குறைகூட மிச்சம் இருக்கக் கூடாது. ஆனால் சோதனையில் குறைகள் வந்துகொண்டே இருந்தன. தேதி ஏற்கெனவே 2008-லிருந்து பலமுறை தள்ளிப்போயிருந்தது. கடைசியில், இரண்டாம் நிலைக் குறைகள் இருந்தாலும் பரவாயில்லை, அவற்றைச் சமாளிக்க ஒரு திட்டம் கையில் இருந்தால் போதும் என்று விதி தளர்த்தப்பட்டது. பழைய மென்பொருள், புதிய மென்பொருள் இரண்டிலும் எல்லாருடைய சம்பளத்தையும் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கும் முழுமையான சோதனையும் நடக்கவில்லை. ஊதிய விதிமுறைகள், படிகள், ஷிப்ட் விதிகள் எல்லாம் கலந்து சுமார் 24,000 விதமான சம்பளக் கணக்குகள் கொண்ட துறை அது.

பரீட்சை எழுதி, மார்க் வந்த பிறகு, பாஸ் மார்க்கைக் குறைப்பது போன்றது இது. இங்கே கேட்க வேண்டிய கேள்வி, ‘ஏன் குறைத்தார்கள்?’ என்பது மட்டும் அல்ல. நெருக்கடி வந்தால் எல்லாருக்கும் அந்த ஆசை வரும். உண்மையான கேள்வி, ‘குறைக்கும் உரிமை யாருக்கு இருந்தது, அதை எந்தத் தாளில் எழுதியிருந்தார்கள்?’ என்பதுதான்.

உறுப்பினர்கள்: தலைகளை எண்ணாதீர்கள், நாற்காலிகளை எண்ணுங்கள்

பிரிட்டன் அரசிலிருந்து உருவான ‘பிரின்ஸ் 2’ என்ற திட்ட மேலாண்மை முறை, இதற்கு ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறது. ஒரு திட்டக் குழுவுக்கு மூன்று குரல்கள் போதும். பணம் கொடுத்து, பலனுக்குப் பொறுப்பேற்பவர் ஒருவர். அதைப் பயன்படுத்தப்போகிறவர்களின் பிரதிநிதி ஒருவர். செய்துகொடுப்பவர்களின் பிரதிநிதி ஒருவர். மற்றவர்கள் வரலாம், கருத்து சொல்லலாம். ஆனால் முடிவு இந்த மூவரிடம்தான். அதிலும் கடைசி வார்த்தை முதலாமவருடையது. ஓட்டெடுப்பு கிடையாது.

‘இது ஜனநாயகமா?’ என்று கேட்கலாம். இல்லைதான். பத்துப் பேர் சேர்ந்து எடுத்த முடிவுக்குப் பத்தில் ஒருவர்கூடப் பொறுப்பேற்க மாட்டார் என்பது அலுவலக அனுபவம் உள்ள யாருக்கும் தெரியும். எல்லோரும் தலையாட்டிய முடிவு, நாளை யாருடைய முடிவும் இல்லை. ஒருவரே முடிவெடுக்கட்டும். மற்றவர்களின் மறுப்பு, அவரவர் பெயரோடு மினிட்ஸில் பதிவாகட்டும். அதுதான் கூடுதல் நேர்மை.

இங்கே மூன்று சின்ன விதிகள் பெரிய வித்தியாசம் செய்யும்.

முதலாவது, கோரம். ‘ஏழு பேரில் ஐந்து பேர் வந்தால் கூட்டம் செல்லும்’ என்று எழுதுவது வழக்கம். அப்படியானால், பயனாளர் பிரதிநிதி லீவில் இருக்கும் நாளிலும் மென்பொருளை அமல்படுத்தும் முடிவு செல்லும். அதனால் கோரத்தை எண்ணிக்கையால் சொல்லாமல், பொறுப்பால் சொல்ல வேண்டும்: பணம் தருபவரும் பயனாளர் பிரதிநிதியும் இல்லாத கூட்டம், கூட்டமே அல்ல.

இரண்டாவது, மாற்று ஆள். ‘சார் பிஸி, நான் வந்திருக்கேன், அவர்கிட்ட சொல்லிடறேன்’ என்று ஒரு ஜூனியர் வந்து உட்கார்வதை எல்லோரும் பார்த்திருப்போம். வந்தவருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் உண்டு என்று முன்கூட்டியே எழுத்தில் தந்திருந்தால் மட்டுமே அவர் உறுப்பினர். இல்லாவிட்டால் பார்வையாளர்.

மூன்றாவது, வெளியிலிருந்து வரும் ஒப்பந்ததாரர். அவர் கமிட்டியில் இருப்பது அவசியம். வேலையின் நிலவரம் அவருக்குத்தான் தெரியும். ஆனால் அவருடைய வேலையை ஏற்பதா, அவருக்குக் கூடுதல் பணம் தருவதா என்ற விஷயம் வரும்போது, பதில் சொல்லிவிட்டு அவர் வெளியே போக வேண்டும். பரீட்சை எழுதியவரே பேப்பர் திருத்தும் குழுவில் உட்கார முடியாது, இல்லையா?

முடிவெடுக்கும் உரிமை: தொகையை எழுதாத விதி, விதியே அல்ல

டி.ஓ.ஆரின் உயிர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ‘முக்கிய மாற்றங்களைக் கமிட்டி அங்கீகரிக்கும்’ என்று எழுதினால், எது முக்கியம் என்று அன்றன்றைக்குச் சண்டை போட வேண்டியதுதான். எண்ணைப் போட வேண்டும்.

குயின்ஸ்லாந்தின் 62 லட்சம் டாலர் ஒப்பந்தத்தையே ஒரு கற்பனைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளலாம். ஒரு மாற்றத்துக்கு 50,000 டாலர் வரை ப்ராஜெக்ட் மேனேஜரே ஒப்புதல் தரலாம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேல் போனால் கமிட்டி. மொத்த மதிப்பில் 10 சதவீதம், அதாவது சுமார் 6 லட்சத்தைத் தாண்டினால் அமைச்சரவை அல்லது துறைத் தலைமை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் ஓட்டை இருக்கிறது.

ஒப்பந்ததாரர் 45,000 டாலருக்கு ஒரு மாற்றக் கோரிக்கை கொண்டுவருகிறார். மேனேஜர் கையெழுத்து போடுகிறார். அடுத்த வாரம் இன்னொன்று. இப்படி இருபது கோரிக்கைகள் வந்தால் 9 லட்சம் டாலர். கமிட்டியின் எல்லையும் தாண்டியாயிற்று, துறைத் தலைமையின் எல்லையும் தாண்டியாயிற்று. ஆனால் எந்த ஒரு கோரிக்கையும் தனியாக எல்லையைத் தொடவில்லை. யாரும் விதியை மீறவும் இல்லை! சிறுகச் சிறுக ஏறும் இந்தச் செலவைப் பிடிக்க ஒரு வரி போதும்: ‘இதுவரை ஒப்புதல் தந்த மாற்றங்களின் கூட்டுத்தொகை 2 லட்சத்தைத் தாண்டியதும், அடுத்த மாற்றம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் கமிட்டிக்கு வர வேண்டும்.’ குயின்ஸ்லாந்திலும் மாற்றக் கோரிக்கைகள் அடுத்தடுத்து வந்தன. விலையும் ஏறியது, தேதியும் நகர்ந்தது.

பணத்துக்கு எல்லை எழுதுவது போலத் தேதிக்கும் எழுத வேண்டும். இரண்டு வாரம் வரை தாமதம் என்றால் மேனேஜர் சமாளிக்கலாம், அதற்கு மேல் போகும் என்று தெரிந்த உடனே சொல்ல வேண்டும். ‘தாமதமான பிறகு’ அல்ல, ‘தாமதமாகும் என்று தெரிந்த உடனே’ என்ற சொற்கள் முக்கியம்.

இவற்றையெல்லாம் விட அவசியமானது, கமிட்டியால் எதை முடிவு செய்ய முடியாது என்ற பட்டியல். பெரும்பாலான டி.ஓ.ஆர்.களில் இந்தப் பட்டியலே கிடையாது. குயின்ஸ்லாந்து கதையை வைத்துப் பார்த்தால், அதில் முதல் வரி இப்படி இருந்திருக்க வேண்டும்: ‘சோதனை தொடங்கிய பிறகு, தேர்ச்சி விதியையோ குறைகளின் நிலையையோ மாற்றும் அதிகாரம் இந்தக் கமிட்டிக்கு இல்லை. மாற்ற வேண்டும் என்றால், சம்பளத்துக்குப் பொறுப்பான சுகாதாரத் துறையின் தலைவர், எத்தனை ஊழியர்களின் சம்பளம் தவறாகப் போகலாம் என்ற எண்ணிக்கையைப் பார்த்து, தன் பெயரில் கையெழுத்திட வேண்டும்.’

இந்த வரி யாரையும் தடுக்காது. தலைவர் கையெழுத்து போட்டால் விதி மாறும். ஆனால் ‘இரண்டாம் நிலைக் குறைகளுக்கு மேலாண்மைத் திட்டம் உள்ளது’ என்ற மெத்தென்ற வாக்கியம், ‘இத்தனை நர்ஸ்களுக்குச் சம்பளம் தவறாகப் போகலாம், பரவாயில்லையா?’ என்ற கேள்வியாக மாறும். அந்தக் கேள்விக்குக் கீழே கையெழுத்து போட யாராக இருந்தாலும் பேனா ஒரு நிமிடம் தயங்கும். டி.ஓ.ஆர். செய்ய வேண்டிய வேலை அந்தத் தயக்கத்தை உண்டாக்குவதுதான்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை கூடுவது?

‘மாதம் ஒருமுறை’ என்பது யோசிக்காமல் எழுதும் பதில். ஒன்பது மாதத் திட்டத்தில் மாதம் ஒரு கூட்டம் என்றால், மொத்தம் ஒன்பது கூட்டம். ஒரு முடிவை ‘அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்’ என்று ஒருமுறை தள்ளினால், திட்டத்தின் ஒன்பதில் ஒரு பங்கு காலம் போய்விட்டது. சோதனைக் காலத்தில் நிலைமை இன்னும் மோசம். சோதனைச் சுற்று இரண்டு வாரத்தில் முடிகிறது, கமிட்டி நான்கு வாரத்துக்கு ஒருமுறை கூடுகிறது என்றால், ஒரு சுற்றின் முடிவுகளைக் கமிட்டி பார்ப்பதற்குள் அடுத்த சுற்று ஆரம்பித்திருக்கும். கமிட்டி முன்னால் இருப்பது எப்போதும் பழைய படம்.

அதனால் கூட்டத்தை காலண்டரோடு கட்டாமல், முடிவுகளோடு கட்டுவது நல்லது. பிரின்ஸ் 2 முறையும் அதைத்தான் சொல்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ‘தொடரலாமா, நிறுத்தலாமா’ என்று தீர்மானிக்க ஒரு கூட்டம். இடையில் எல்லை மீறப்படும் என்று தெரிந்தால் அவசரக் கூட்டம். மற்ற நாட்களில் ஒரு பக்க அறிக்கை போதும். நடைமுறையில், டிசைன் காலத்தில் மாதம் ஒன்று, சோதனைக் காலத்தில் வாரம் ஒன்று, அமலுக்கு முந்தைய வாரத்தில் தேவைப்பட்டால் தினம் ஒன்று என்று எழுதிவைத்தால் பெரும்பாலும் சரியாக வரும்.

இதோடு இரண்டு விதிகள் சேர வேண்டும். முடிவு கேட்கும் குறிப்பு, கூட்டத்துக்கு மூன்று வேலை நாட்களுக்கு முன் உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும். குறிப்பு வராவிட்டால் அன்று அந்த முடிவு கிடையாது. காலையில் ஸ்லைடு போட்டு மதியம் கையெழுத்து வாங்கும் பழக்கம் இதில்தான் நிற்கும். அடுத்தது, அவசர முடிவு. இரண்டு வேலை நாளில் மெயிலிலேயே முடிவெடுக்கலாம், ஆனால் பதில் சொல்லாமல் இருப்பது சம்மதம் ஆகாது. ‘யாரும் எதுவும் சொல்லலையே, அதான் பண்ணிட்டோம்’ என்ற சாக்குக்கு இந்த விதியில் இடமில்லை.

உங்கள் கமிட்டி சரியாக இயங்குகிறதா?

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கடைசி நான்கு கூட்டங்களின் மினிட்ஸை எடுத்துப் பாருங்கள். ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’, ‘விவாதிக்கப்பட்டது’ என்ற வார்த்தைகள் எத்தனை, ‘முடிவு செய்யப்பட்டது’ என்பது எத்தனை? முடிவே இல்லை என்றால், அது ஸ்டியரிங் கமிட்டி அல்ல, மாதாந்திர பிரசன்டேஷன். அடுத்து, உண்மையான உறுப்பினர்கள் எத்தனை கூட்டத்துக்கு வந்தார்கள், மாற்று ஆட்கள் எத்தனைக்கு வந்தார்கள் என்று எண்ணுங்கள். கடைசியாக, மாதாமாதம் பச்சையாகவே இருந்த ஸ்டேட்டஸ், ஒரே கூட்டத்தில் நேராகச் சிவப்புக்குத் தாவியிருக்கிறதா என்று பாருங்கள். அப்படித் தாவியிருந்தால், கெட்ட செய்தி கமிட்டிக்கு வரும் வழியில் எங்கேயோ நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு தாள் இதையெல்லாம் தடுத்திருக்குமா?

நியாயமான கேள்வி. பழைய சம்பள மென்பொருளுக்கான நிறுவன ஆதரவு 2008-லேயே முடிந்துபோயிருந்தது. அது எந்த நாளில் படுத்துக்கொள்ளுமோ என்ற பயம் அதிகாரிகளுக்கு நிஜமாகவே இருந்தது. புதியதை அமல்படுத்தாமல் இருப்பதும் ஆபத்து என்றுதான் அவர்கள் நினைத்தார்கள். எவ்வளவு நல்ல டி.ஓ.ஆர். இருந்தாலும் அந்த நெருக்கடி இருந்திருக்கும். தவறான முடிவைத் துணிந்து எடுக்கும் ஒருவரை எந்த ஆவணமும் தடுக்காது.

ஆனால் இரண்டு ஆபத்துகளையும் ஒரே மேசையில் வைத்து, எண்களோடு ஒப்பிட்டு, ஒருவர் பெயரில் தேர்ந்தெடுக்கச் செய்திருக்கும். அது நடக்காததன் விலை பிறகும் தொடர்ந்தது. 2010-ல் மாநில அரசும் ஐ.பி.எம்.மும் ஒரு சமரச ஒப்பந்தம் போட்டுக்கொண்டன. விசாரணை ஆணைய அறிக்கைக்குப் பிறகு அரசு நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டபோது, அந்தச் சமரசத்தைக் காரணம் காட்டி நீதிமன்றம் நிறுவனத்துக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. 120 கோடியின் சுமை மக்கள் வரிப்பணத்தின் மீதே விழுந்தது.

அடுத்த முறை ஒரு ப்ராஜெக்ட்டின் முதல் வாரத்தில் டி.ஓ.ஆர். உங்கள் மெயிலுக்கு ‘ஃபார் யுவர் ரெவ்யூ’ என்று வரும்போது, உறுப்பினர் பட்டியலில் உங்கள் மேனேஜர் பெயர் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ‘ஓகே’ என்று அனுப்பிவிடாதீர்கள். ஒரு கேள்வியைத் திருப்பி அனுப்புங்கள்: ‘சோதனையில் தோற்றால், பாஸ் மார்க்கைக் குறைக்கும் உரிமை இதில் யாருக்கு இருக்கு?’ பதில் ஒரு பெயராக வந்தால் நல்லது. ‘கமிட்டி பார்த்துக்கும்’ என்று வந்தால், அந்த ஃபைலை மறுபடி எழுத இன்னும் நேரம் இருக்கிறது என்று சொல்லுங்கள்.